இரும்புக் கேட்டுக்கு மேலே மரியாதை கிடையாது

'தாங்கள் காலை உணவு அருந்திவிட்டீர்களா?'

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெனிஷின் எண்ணிலிருந்து இந்தச் செய்தி வந்தது. நான் அப்போது ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். பதினெட்டு வருடச் சிநேகிதத்தில் அவன் என்னை 'லே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். கொஞ்சம் பாசம் வந்தால் 'மக்கா'. என் கல்யாணத்துக்கு மேடையேறி மாலையோடு நின்ற என்னிடம், 'லே தாணு, வேட்டிய ஒழுங்கா கெட்டுலே' என்றவன்.

கோபம் என்று நினைத்தேன். நம் ஊரில் கோபத்துக்கு அதுதானே அடையாளம். நேற்றுவரை வாடா போடா என்று பேசினவன் திடீரென்று 'நீங்க சொன்னா சரிங்க' என்றால் உள்ளே எதுவோ உடைந்துவிட்டது என்று அர்த்தம். அவன் கோபப்படக் காரணமும் இருந்தது.

கூவைமலை மேலணையில் ஜெனிஷ் அளவர். காலையிலும் மாலையிலும் மழை எவ்வளவு, நீர்மட்டம் எவ்வளவு என்று அளந்து பதிவேட்டில் எழுதி, வாரம் ஒருமுறை கீழே அனுப்புவது வேலை. என் பதவியும் அதுதான். எனக்குத் தட்டச்சு தெரியும் என்பதால் கீழே கோட்ட அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். மலைக்கு நான் ஏறினதே இல்லை. மேலே எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். கூட இருந்தவர் மூன்று வாரத்துக்கு முன் மஞ்சள்காமாலை என்று இறங்கிவிட்டதால் ஜெனிஷ் தனியாக இருந்தான். அவன் மனைவி ஷீபாவுக்குப் பிரசவத் தேதி பதினேழு. அதற்குள் கீழே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. மாறுதல் மனு எழுதி, வியாழக்கிழமை அரிசி, காய்கறி கொண்டுபோகும் ஜீப்பில் கொடுத்தனுப்பினான்.

அந்த மனுவைக் கண்காணிப்பாளர் ஆவுடையம்மாள் மேடம் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தாணு, ஒங்க கூட்டாளி எழுதியிருக்க லெச்சணத்தப் பாத்தீங்களா? செயற்பொறியாளருக்கு எழுதுதான், 'ஐயா, நீ எனக்கு மாறுதல் தரணும்'னு. நீயாம்! என்ன, ரெண்டு பேரும் சேந்து மாடு மேச்சாங்களா?"

நான் வாங்கிப் பார்த்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் இருந்தது. 'ஐயா' கூட இருந்தது. அதற்குக் கீழே 'நீ', 'உனக்கு', 'உன்னிடம்'.

அன்று மாலை போனில் கேட்டேன். அணையின் மேல் ஒரு பாறையில் ஏறி நின்றால் மட்டும் அவனுக்குச் சிக்னல் கிடைக்கும்.

"கிறுக்கு பிடிச்சிருக்காலே ஒனக்கு?"

"மக்கா, இங்க அப்படித்தான். இரும்புக் கேட்டுக்கு மேல யாருக்கும் மரியாதை கிடையாது. ஏ.இ., இன்ஜினியரே ஏறி வந்தாலும் நீதான். அவரும் ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"பேசுறது பேசு. எழுதுறதுக்கு என்ன?"

"எழுதவும் மாட்டாங்க. மேலருந்து நம்பர் மட்டும்தான் வரும், நீ பாத்திருக்கியா, வேற ஏதாவது வந்திருக்கா? மனு எழுதணும்னா கேட்டுக்குக் கீழ டீக்கடையில இறங்கி உக்காந்து எழுதுவாங்க. நான் எறங்க முடியாதுலே, ஆளு இல்ல. அதான் நீன்னு போட்டேன். நீ ஒண்ணு செய்யி, அங்கன வச்சு நீயே டைப் அடிச்சிரு."

"கையெழுத்துப் பிரதிதான் வேணும்னு மேடம் சொல்லுது. நான் மாதிரி எழுதி அனுப்புதேன், அப்படியே பாத்து எழுது. ஒரு வார்த்தைதானலே."

எழுதி அனுப்பினேன். 'தாங்கள் கருணைகூர்ந்து எனது குடும்பச் சூழ்நிலையைக் கணக்கில் கொண்டு…' அழகாக வந்திருந்தது, எனக்கே பெருமை. அவன் உடனே அழைத்தான்.

"எண்ணிப் பாத்தேன். தாங்கள், தங்கள், தங்களிடம், மொத்தம் ஒன்பது தடவ. ஒன்பது தடவ எழுதணுமாலே?"

"ஏன், மை தீந்துருமா?"

அவன் சிரிக்கவில்லை. "வாய்விட்டு வாசிக்காம எழுதிப் பாக்கேன்" என்று மட்டும் சொன்னான். அடுத்த வியாழக்கிழமை ஜீப்பில் மனு வந்தது. ஒன்பது இடத்திலும் சரியாக இருந்தது. எழுத்துதான் கொஞ்சம் நடுங்கியிருந்தது. மேடம் படித்துவிட்டு, "இப்ப பாருங்க, மனுசன் எழுதினது மாதிரி இருக்கு" என்றார்.

மறுநாள் காலையில்தான் அந்தச் செய்தி.

'ஆமா அருந்திட்டேன் துரை அவர்களே. என்னலே திடீர் மரியாதை? கோவமா?' என்று பதில் போட்டேன்.

பத்து நிமிடம் கழித்து வந்தது. 'கோபம் இல்லை. தங்கள் அன்புக்கு நன்றி. தங்கள் வயது என்ன?'

சனிக்கிழமை: 'தாங்கள் எமக்கு மூத்தவரா, இளையவரா?'

நான் முப்பத்தி மூன்று, நீயும் முப்பத்தி மூன்று, தலைக்குள் தண்ணி ஏறிடிச்சா என்று அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வரிசையில் நிற்கும்போது வந்தது: 'தங்களை எவ்வாறு அழைப்பது முறை என்று தெரியப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

கேட்டுக்கொள்கிறோம். எனக்கு முதல்முறையாக ஒரு மாதிரி இருந்தது. போன் போட்டேன். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். அருவிச் சத்தம் போல ஒரு இரைச்சல், அதற்குப் பின்னால் யாரோ பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது போல. "லே ஜெனிஷ்" என்றேன், "லே, பேசுலே." வைத்துவிட்டார்கள்.

பயத்தை மறைக்க எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எரிச்சல்பட்டேன். நீளமாக ஒரு செய்தி தட்டினேன்: 'போதும்லே நாடகம். நீ என்னை லேன்னு கூப்பிடுவ. பாசம் வந்தா மக்கா. நீ வா போ. அதுதான் முறை. என் பேரு தாணு. இப்ப சொல்லு, எப்ப வருவன்னுதான நீ வழக்கமா கேப்ப, கேளு.'

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

திங்கட்கிழமை ஜீப் டிரைவர் பொன்னையன் அண்ணனிடம் போனைக் காட்டினேன். இருபது வருடமாக மலைக்கு ஓட்டுகிறவர். டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தரையில் குப்புற வைத்துவிட்டார்.

"மேலருந்து மனு வந்துதே, தாங்கள்னு போட்டு. அத அவன் மேல வச்சா எழுதினான்?"

"ஆமாண்ணே. நான்தான் எழுதச் சொன்னேன்."

"எளவெடுத்த பயலே" என்றார், அமைதியாக. கையைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, ஒன்கிட்ட ஒருத்தன் வந்து பேசுதான். நீ அவன நீங்கம்பியா, நீயம்பியா?"

"ஆளப் பாத்துத்தான்."

"என்னத்தப் பாப்ப? வயசு, சொந்தம், பழக்கம். ஒண்ணும் தெரியலன்னா?"

"நீங்கதான்."

"அப்ப மூடமஞ்சுக்குள்ள, அந்தப் பனிமூட்டத்துக்குள்ள, நிக்கிற ஒண்ணுக்கு ஆளே தெரியாதுன்னு வையி. வயசு தெரியாது. ஒறவு தெரியாது. பொறந்ததும் இல்ல, ஒருத்தன் கூடவும் வளந்ததும் இல்ல. அது எப்படிக் கூப்பிடும்?"

அவரே பதிலும் சொன்னார்.

"தாங்கள்தான். மேல மஞ்சு எறங்குனா மூணடிக்கு அங்க ஆளு தெரியாது. கூப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கணும். லேன்னு கூப்பிட்டா மனுசன், கிட்ட போலாம். மரியாதையாக் கூப்பிட்டா பதில் சொல்லப்படாது. அதுக்குத்தான் மனுசன் யாரும் அங்க மரியாதையாப் பேசுறதில்ல. ஏ.இ.யும் பேசமாட்டாரு. ரெண்டும் கலந்துரக் கூடாதுல்லா?"

"இவன் எழுதத்தானே செஞ்சான்?"

"ஒன்பது தடவ கூப்பிட்டுருக்கான். அதோட பேச்சுல, அதோட எடத்துல வச்சு."

அவர் போனை எடுத்து என் சட்டைப்பையில் போட்டார். "நீ அதுக்குப் பதில் ஏதாவது எழுதுனியா?"

"சும்மா… திட்டினேன்" என்றேன். என்ன எழுதினேன் என்று சொல்லவில்லை.

உடனே அவனை இறக்க வேண்டும். மேடத்திடம் போனேன். மனு கோப்பில் சேர்ந்து மேலே போயிருக்கிறது, செயற்பொறியாளர் கையெழுத்துப் போடத் தயார்தான் என்றார். "ஆனா மாற்றுப் பணியாளர் இல்லாம விடுவிக்க முடியாதே, தாணு. மழைக்காலம். அணைய யாரு அளக்கது? பேரு கொண்டாங்க, இன்னைக்கே ஆணை போடுதேன்."

ஏழு பேருக்குப் போன் செய்தேன். ஒருவனுக்கு முதுகுவலி, ஒருவனுக்கு மாமியார், ஒருவன் எடுக்கவே இல்லை. மூன்று மணி ஆனது. ஆணையின் வரைவு என் கணினியில் திறந்து கிடந்தது. 'திரு. … , அளவர், அவர்கள்' என்ற இடத்தில் புள்ளிகள். கர்சர் அங்கே நின்று துடித்தது. என் பெயரை அடித்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஒரு வாரத்தில் எவனையாவது பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். மேடம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"நீங்களா? மூணு மாசம் தம்பி. யோசிச்சுத்தான எழுதுதீங்க?"

"ஆமா மேடம்."

"சரி, அவன நாளைக்கே எறக்கிருங்க; நீங்க அடுத்த திங்கட்கிழமை சேந்தாப் போதும், ஒங்க ஆணை பெறவு வரும், அதுவரைக்கும் நான் சமாளிச்சுக்கிடுதேன்."

செவ்வாய்க்கிழமை காலை ஜெனிஷை விடுவிக்கும் ஆணையை எடுத்துக்கொண்டு பொன்னையன் அண்ணனோடு ஏறினேன். ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் டீக்கடை, அதை அடுத்து இரும்புக் கேட். அண்ணன் இறங்கிப் பூட்டைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இனி அண்ணன் கிண்ணன் கிடையாது. லே பொன்னையான்னு கூப்பிடு."

"எப்படிண்ணே…"

"கூப்பிடுலே!"

"லே… பொன்னையா." அப்பாவிடம் பொய் சொல்வது போல முணுமுணுத்தேன்.

"கேக்கல. பிணத்துக்கிட்ட பேசுற மாதிரி பேசுத. வண்டிய எங்கலே ஓட்டுத, கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேளு."

கேட்டேன். அவர் பதிலுக்கு என் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். ஒன்பதாவது வளைவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தாவது வளைவில் மூடமஞ்சு வந்தது.

பகல் பதினொரு மணி. வெளிச்சம் இருந்தது, ஆனால் பார்க்க ஒன்றுமில்லை. ஜீப்பின் மூக்குக்கு முன்னால் வெள்ளை. அணைக்கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். ஜெனிஷ் தங்கும் குடிலுக்கு இன்னும் நூறடி, நடக்க வேண்டும். அவர் முன்னால் போனார். "லே தாணு!" என்பார். "இங்கதாம்லே!" என்பேன். அப்படியே கூப்பிட்டுக்கொண்டே நடந்தோம்.

பாதி தூரத்தில், இடது பக்கமிருந்து, தண்ணீர் இருக்க வேண்டிய பக்கமிருந்து, ஒரு குரல் கேட்டது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, வானொலியில் செய்தி வாசிப்பது போன்ற நிதானமான குரல்.

"தாங்கள் வழி தவறிவிட்டீர்களா?"

என் கால் நின்றது. பதில் சொல்வதற்கு வாய் தானாகத் திறந்தது. அதுதான் பயங்கரம். அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"லே தாணு, மூதி, வாயப் பொத்திக்கிட்டு வா!" என்றது முன்னாலிருந்து பொன்னையன் அண்ணனின் குரல். அந்த வசவைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

குடிலின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். சத்தமில்லை.

"ஜெனிஷ், நான் தாணு. கதவத் தொறலே."

உள்ளேயிருந்து வறண்ட குரல். "திட்டு."

"என்னது?"

"திட்டுலே. நீதான்னா திட்டு."

பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் பார்க்காதபோது நாங்கள் சொல்லிக்கொண்ட ஒன்று உண்டு. அதைச் சொன்னேன். இங்கே எழுத முடியாது. தாழ் விலகியது. ஜெனிஷ் தாடியும் கலங்கிய கண்ணுமாக நின்றான். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதே வார்த்தையை நாலைந்து தடவை திருப்பிச் சொன்னான், ஜெபம் சொல்வது போல.

மேசையில் மழைப் பதிவேடு திறந்திருந்தது. வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் காலி. சனிக்கிழமைக்கு எதிரே மட்டும் எண்.

"வெளிய போக முடியலலே. நாலு நாளா கதவத் தட்டுது. தாங்கள் உள்ளே இருக்கிறீர்களாங்குது. தாங்கள் உணவு அருந்தினீர்களாங்குது. சனிக்கிழம ஓடிப்போயி ஒரு தடவ அளந்தேன், அவ்வளவுதான்."

"எனக்கு மெசேஜ் போட்டியே, அப்ப சொல்லியிருக்கலாம்லா?"

அவன் என்னைப் பார்த்தான். "நான் எங்க போட்டேன்? வியாழக்கிழம மனுவ ஜீப்புல குடுத்துட்டு ஷீபாகிட்ட பேச பாறையில ஏறினேன். மஞ்சு எறங்கிச்சு. யாரோ பின்னாடி நின்னு 'தாங்கள்'னு கூப்பிட்டது மாதிரி இருந்துச்சு. ஓடி வந்துட்டேன். போன் அங்கன விழுந்துட்டு."

பொன்னையன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

போனைத் தேட யாரும் போகவில்லை. இறங்கி இரும்புக் கேட்டைத் தாண்டியதும் ஜெனிஷ் டீக்கடையில் மூன்று பழம்பொரி தின்றான். அண்ணனைப் பார்த்து, "நீங்களும் ஒண்ணு சாப்பிடுங்கண்ணே" என்றான். அந்த 'நீங்களும்' கேட்டதும் எங்கள் மூன்று பேருக்கும் உடம்பு தளர்ந்தது. கீழே வந்துவிட்டோம்.

அன்றே அவன் தொலைந்த சிம்மை முடக்கி, அதே எண்ணில் புதியது கேட்டு எழுதிக் கொடுத்தான். வர இரண்டு நாளாகும் என்றார்கள். வியாழக்கிழமை ஷீபாவுக்கு வலி எடுத்தது, தேதிக்கு ஐந்து நாள் முன்னாலேயே. பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை மாலை நான் ஆபீஸ் முடிந்து மருத்துவமனைக்குப் போனேன். புறப்படும்போது மேடம் ஓர் உறையை நீட்டியிருந்தார். பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். நானே அடித்த வரிகள்தான். இப்போது கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

'… எனவே, தாங்கள் எதிர்வரும் திங்கட்கிழமை முற்பகல் கூவைமலை மேலணையில் தவறாது பணியில் சேருமாறு தங்களுக்கு ஆணையிடப்படுகிறது.'

வேறு ஆள் கிடைக்கவில்லை. கேட்டுப் பார்த்தேன். "நீங்கதான எழுதிக் குடுத்தீங்க" என்றார் மேடம். உண்மைதான்.

ஜெனிஷ் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். "ஏ குட்டி, பாத்தியா, ஒன் தாணு மாமா வந்திருக்கான். ஒரு மூஞ்சியும் கொள்ளாது, பயப்படாத" என்றான். ஆணையைக் காட்டினேன். படித்ததும் முகம் மாறியது.

"மக்கா, எனக்காகவா பேரு குடுத்த?"

"மூணு மாசம்தானலே. பொன்னையன் அண்ணன் சூத்திரம் சொல்லிட்டாருல்லா. லேன்னு கூப்பிட்டா மனுசன். தாங்கள்னா பேசப்படாது. அவ்வளவுதான. இந்தத் தடவ நான் ஒரு எழுத்தும் எழுதப் போறதில்ல."

"ஆமா" என்றான். "அது மட்டும் மாறாது. அதுக்கு ஒறவு தெரியாது."

அப்போது என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ஜெனிஷின் பெயர். ஜெனிஷ் என் எதிரே இருந்தான், இரண்டு கையிலும் குழந்தை. அவனுடைய புது சிம் இன்னும் பிரிக்காத அட்டையில், கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்குக்கு அடியில் கிடந்தது.

"யாருலே?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வரிசையில் நின்று நான் தட்டிய அந்த நீளமான செய்திக்குக் கீழே, ஐந்து நாள் கழித்து, பதில் வந்திருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. மரியாதையும் இல்லை.

'லே தாணு, மக்கா, நீ எப்ப வருவ?'